உங்களுக்குத் தெரியுமா? – இசட் புள்ளியும் பதுளையின் வெட்டுப்புள்ளியும்

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி வந்தது 2001 இல். அதை வகுத்துக் கொடுத்தவர் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில். அதற்கு முன்பு பாடப் புள்ளிகளை அப்படியே கூட்டினார்கள். வினாத்தாள் கடினமான பாடத்தை எடுத்த பிள்ளைதான் அதில் அடிபட்டது.

*

மூன்று பாடங்களில் ஒரே புள்ளிகளை எடுத்த இருவருக்கு ஒரே இசட் கிடைக்காமல் போகலாம், தெரியுமா?

கணக்குக்காக உயிரியலின் இடை 44, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். இரசாயனவியலுக்கு 38, 15. பௌதிகவியலுக்கு 35, 18. பசறையில் ஒரு பிள்ளை இதே வரிசையில் 68, 56, 62 எடுக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து நியம விலகலால் வகுத்தால் 1.60, 1.20, 1.50 வரும். சராசரி 1.4333. லுணுகலையில் இன்னொரு பிள்ளை அதே மூன்று எண்களை வேறு வரிசையில், 62, 68, 56 என்று எடுக்கிறது. இருவருக்கும் கூட்டுத்தொகை 186 தான். ஆனால் இரண்டாவது பிள்ளைக்கு இசட் 1.4556. இரசாயனவியலில் 68 எடுப்பது உயிரியலில் 68 எடுப்பதைவிட அரிது. அந்த அருமைக்குக் கிடைத்த மதிப்புதான் இந்த வித்தியாசம். பெறுபேற்றுத் தாளில் நான்கு தசமதானம் அச்சிடுவதும் வீணாக அல்ல. வெட்டுப்புள்ளிக்கு அருகே பிள்ளைகள் அவ்வளவு நெருக்கமாக நிற்கிறார்கள்.

*

செவ்வன் வளையியின் பரப்பளவுகளை முதலில் அட்டவணையாகத் தந்தவர் கிறிஸ்டியன் கிராம்ப், 1799 இல். நட்சத்திர ஒளி காற்றில் எவ்வளவு வளைகிறது என்று கணக்கிட அவருக்கு அது தேவைப்பட்டது. பரீட்சைக்கு வந்தது பிற்காலத்தில்.

*

1.67 ஐ அட்டவணையில் பார்ப்பது எப்படி? இடப்பக்கம் 1.6 என்ற வரிசை, மேலே .07 என்ற நிரல். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் 0.9525. நூற்றுக்கு 95 பேருக்குச் சற்று மேலானோர் உங்களுக்குக் கீழே என்று பொருள். அதுதான் சதமணை.

சில நூல்களில் இதே கட்டத்தில் 0.4525 இருக்கும். அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அந்த அட்டவணை நடுக்கோட்டிலிருந்து மட்டும் பரப்பை அளக்கிறது, 0.5 ஐ நீங்கள்தான் கூட்ட வேண்டும். அட்டவணையைத் திறந்ததும் 0.00 க்கு நேரே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 0.5000 என்றால் முழுப் பரப்பு, 0.0000 என்றால் பாதிப் பரப்பு.

*

பெறுபேற்றில் வரும் இசட்டை அப்படியே அட்டவணையில் தேடுவது பிழை. பல ஆசிரியர்களே இதைச் செய்வதால் சற்று நின்று சொல்கிறேன்.

ஒரு தனிப் பாடத்தின் இசட்டுக்கு நியம விலகல் 1. மூன்று பாடங்களின் சராசரிக்கு அப்படி இல்லை. ஒரு பாடத்தில் முன்னிற்கும் பிள்ளை மற்றதில் கொஞ்சம் பின்வாங்கும். சராசரி எடுக்கும்போது விரிவு சுருங்கிவிடும். பாடங்களுக்கிடையே இணைபு 0.6 என்று கொண்டால் சராசரியின் நியம விலகல் ஏறத்தாழ 0.86. பசறைப் பிள்ளையின் 1.4333 ஐ நேரே 1.43 என்று பார்த்தால் 0.9236 வரும், ஆயிரம் பேரில் 76 பேர் மேலே. 0.86 ஆல் வகுத்துப் பார்த்தால் 1.67, அதாவது 0.9525. மேலே இருப்பவர்கள் 48 பேர்தான். பிள்ளையின் இடம் நாம் நினைத்ததைவிட உயரத்தில் இருக்கிறது.

சரிபார்க்க எளிய வழி உண்டு. பெறுபேற்றில் தீவு நிலையும் மாவட்ட நிலையும் இருக்கும். தீவு நிலையை அந்தப் பிரிவில் தகுதி கணிக்கப்பட்டவர்களின் தொகையால் வகுத்து, விடையை 1 இலிருந்து கழியுங்கள். அதற்கும் அட்டவணை சொல்வதற்கும் பெரிய இடைவெளி இருந்தால், நம்ப வேண்டியது நிலையைத்தான். இசட்டைக் கணிக்கச் செவ்வன் பரம்பல் தேவையே இல்லை. அதைச் சதமணையாக மாற்றும்போதுதான் தேவை. கடினமான தாளில் புள்ளிகள் கீழே குவிந்து வலப்பக்கம் வால் நீண்டிருந்தால், மேல்முனையில் அட்டவணை தவறான எண்ணையே தரும்.

*

2011 உயர்தரத்தைப் பழைய பாடத்திட்டத்தில் சிலரும் புதியதில் சிலரும் எழுதினார்கள். இரு கூட்டத்துக்கும் பொதுவாக ஒரே இடையும் நியம விலகலும் போட்டு இசட் கணித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012 இல் அந்தக் கணிப்பு செல்லாது, தனித்தனியாகக் கணியுங்கள் என்று தீர்ப்பானது. வெவ்வேறு தாள் எழுதியவர்களை ஒரே வளையியில் வைத்தால் இசட்டுக்குப் பொருளே இல்லை.

*

வெட்டுப்புள்ளியை யாரும் முன்கூட்டி நிர்ணயிப்பதில்லை என்பது தெரியுமா? கடைசி இடத்தைப் பிடித்த பிள்ளையின் இசட் எதுவோ அதுவே வெட்டுப்புள்ளி.

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகை விகிதப்படி. 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு; பதுளையும் மொனராகலையும் அந்தப் பட்டியலில் உள்ளன. மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி மாறுவது இதனால்தான்.

இதில் வாலின் விளையாட்டைக் கவனியுங்கள். நாடு முழுதும் மேல் 3 வீதத்தினருக்கு இடம் என்று வைப்போம். அட்டவணையில் 0.97 க்கு மிக அருகே இருப்பது 1.88. 0.86 ஆல் பெருக்கினால் எல்லை 1.62 ஆகும். இனி ஒரு மாவட்டத்தில் பரீட்சை எழுதிய 2000 பேரின் சராசரி நாட்டின் சராசரியைவிட வெறும் 0.2 தாழ்வு என்று கொள்வோம். அதே 1.62 ஐத் தாண்டுவோர் அங்கே 60 பேராக இருக்கமாட்டார்கள்; 34 பேர்தான். நடுவில் கண்ணுக்கே தெரியாத சிறு சரிவு, முனையில் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகளை விழுங்கிவிடுகிறது. மேலே உள்ள 60 பேரையும் எடுக்க வேண்டுமானால் எல்லை 1.42 க்கு இறங்க வேண்டும். மாவட்ட ஒதுக்கீடு செய்வது இந்த இறக்கத்தைத்தான்.

*

ஆனால் பதுளை மாவட்டம் ஒரே வளையியா? உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தோட்டப் பாடசாலைகள் மிகக் குறைவு. பதுளை, பண்டாரவளை நகரங்களின் பெரிய பாடசாலைகளில் படித்தவர்களும், ஆய்வுகூடமும் பாட ஆசிரியரும் இல்லாத இடத்திலிருந்து மலையிறங்கி வந்தவர்களும் ஒரே மாவட்ட நிலைப் பட்டியலில் நிற்கிறார்கள். இரண்டு கூட்டங்களையும் தனித்தனியே வரைந்தால் இரு உச்சிகள் தெரியக்கூடும். ஒதுக்கீடு மாவட்டத்துக்குத்தான், லயத்துக்கு அல்ல. மேலே 0.2 என்று நாம் எடுத்துக்கொண்ட சரிவு மாவட்டத்துக்குள்ளேயே இருந்தால், அதே அட்டவணைப்படி முனையில் குறைவது தோட்டத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கை. அதை ஈடுசெய்யும் எந்த வரியும் இந்தக் கணக்கில் இல்லை.