விலை ஏன் குறைவு என்று சுங்கம் கேட்டால்

திருப்பூர் நிறுவனம் ஒன்று சீனாவிலிருந்து பாலியஸ்டர் நூல் இறக்குவதாக வைத்துக்கொள்வோம். அறிவித்த விலை கிலோ 2.10 டாலர். அதே மாதம் மற்றவர்கள் 2.45 டாலருக்கு இறக்கியிருக்கிறார்களே என்று சுங்கத்திலிருந்து கேள்வி வருகிறது.

பலரும் “இன்வாய்ஸில் இருப்பதுதான் உண்மையான விலை” என்று ஒரு வரியில் பதில் எழுதி அனுப்புகிறார்கள். அது போதாது. அதிகாரியின் சந்தேகமே அந்த இன்வாய்ஸ் மீதுதான். அந்த விலை எப்படி வந்தது என்பதை ஒப்பந்தம்தான் சொல்லும்.

நம் நிறுவனம் ஜனவரியில் 60 டன்னுக்கு ஒப்பந்தம் போட்டது. சரக்கு வந்தது ஏப்ரலில். இடையில் சந்தை விலை ஏறிவிட்டது. மற்றவர்கள் வாங்கியதோ ஐந்து டன், அதுவும் மார்ச் விலைக்கு. பதிலில் ஒப்பந்தத் தேதி, மொத்த அளவு, இன்வாய்ஸில் குறிப்பிட்ட ஒப்பந்த எண் மூன்றையும் இணைத்துக் காட்ட வேண்டும். அந்தத் தொகையே வங்கி வழியாகச் சென்றதற்கான சான்றும் வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் 2.10 கப்பலில் ஏற்றும் வரைக்குமான எஃப்ஓபி விலை, ஒப்பிடப்படும் 2.45 சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த சிஐஎஃப் விலையாக இருக்கலாம். அப்படியானால் வித்தியாசத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் 12ஆம் விதிப்படி, சந்தேகத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் எழுதும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.