கொலுவுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

புரட்டாசி மாதம் வந்தால் நவராத்திரிப் பேச்சும் வந்துவிடும். கடைத்தெருவில் பொம்மைகள் வரிசை வரிசையாக நிற்கும். பார்த்ததையெல்லாம் வாங்க ஆசையாக இருக்கும். வாங்கிவிட்டால், பின்னாலேயே வரும் தீபாவளிக்குக் கடன் வாங்க வேண்டியதுதான்!

கொலு வைக்கவும் வேண்டும்; கையைக் கடிக்கவும் கூடாது. அதற்கு ஒரு வழி உண்டு.

இரண்டு வகைச் செலவு

கொலுச் செலவை இரண்டாகப் பிரியுங்கள்.

ஒன்று, பத்து நாளில் தீர்ந்து போகிற செலவு. பூ, சுண்டல், வெற்றிலை பாக்கு, வண்ணக் காகிதத் தோரணம் எல்லாம் இதில் சேரும்.

மற்றொன்று, வீட்டில் நிற்கிற செலவு. பொம்மை, படி, படியில் விரிக்கும் துணி ஆகியவை இந்த வகை.

முதல் வகைக்கான பணத்தை முதலில் எடுத்து வையுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தினமும் சுண்டல் கொடுத்தாக வேண்டும். பொம்மையை முதலில் வாங்கிவிட்டு, நாலாம் நாள் கடலைக்குப் பணம் தேடுவது சரியல்ல.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு குடும்பம் வருடத்துக்கு 3,000 ரூபாய் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பூ, சுண்டல், தாம்பூலம் இவற்றுக்கு 1,800 ரூபாய். விளக்கு, துணி முதலிய சில்லறைச் செலவுக்கு 200 ரூபாய். மிச்சம் 1,000 ரூபாய் பொம்மைக்கு.

அந்த வீட்டு அம்மாளுக்குத் தசாவதார செட்டு வாங்க ஆசை. அதன் விலை 2,500 ரூபாய் என்று கொள்வோம். என்ன செய்வது?

வருடத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வைப்பது பல வீடுகளில் வழக்கம். அதற்கு 200 ரூபாயில் ஒரு சிறு பொம்மை போதும். மீதி 800 ரூபாயைத் தனியே போட்டு வைக்க வேண்டும். அடுத்த வருடமும் அப்படியே. இரண்டு வருடத்தில் 1,600 ரூபாய் சேர்ந்துவிடும்.

மூன்றாம் வருடம் பொம்மைப் பணம் 1,000 ரூபாயையும் சேர்த்தால் 2,600 ரூபாய். செட்டு வீட்டுக்கு வந்துவிடும். கடனும் இல்லை!

செட்டைப் பிரித்துப் பிரித்து வாங்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். அது வேண்டாம். அடுத்த வருடம் அச்சும் வர்ணமும் மாறிவிடும். பத்து அவதாரமும் பத்து விதமாக நிற்கும்.

எது நாள்பட நிற்கும்?

மரப்பாச்சிக்கு ஈடு இல்லை. மரத்தில் செதுக்கியது, வர்ணம் பூசாதது, ஆகவே உதிர்வதற்கு ஒன்றும் இல்லை. வருடா வருடம் புதுத் துணி உடுத்தினால் போதும். தாயிடமிருந்து மகளுக்குப் போகிற பொம்மை இது.

அடுத்தது, சுட்ட மண் பொம்மை. வாங்கும்போது விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த மண் கணீரென்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் ஓசை அடைத்துக் கேட்கும்.

காகிதக்கூழ் பொம்மை எடை குறைவு. எடுத்து வைப்பது சுலபம். ஆனால் ஈரமும் பூச்சியும் அதற்கு ஆகாது.

பொம்மையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வர்ணம் பூசாத இடம் செங்கல் நிறமாக இருந்தால் சுட்ட மண். சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் பிளாஸ்டர். பிளாஸ்டர் பொம்மை பார்க்க அழகுதான். ஆனால் ஓரம் தட்டினால் வெள்ளை தெரியும், ஈரத்தையும் இழுக்கும். அதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டாம்.

படி விஷயத்தில் அவசரம் வேண்டாம். மூன்று படிக்கு டிரங்குப் பெட்டியும் பலகையும் போதும். பொம்மை பெருகி இடம் போதாதபோது இரும்புப் படி வாங்கலாம். 6,000 ரூபாய்ப் படி 20 வருடம் உழைத்தால், வருடத்துக்கு 300 ரூபாய்தான் ஆகிறது.

மழைக்கு முன்னே

வாங்குவதைவிடக் காப்பாற்றுவது முக்கியம். கொலு முடிந்ததும் ஐப்பசி மழை தொடங்கிவிடும். பொம்மை கெடுவது அப்போதுதான்.

ஈரத்துணியால் துடைக்காதீர்கள். உலர்ந்த துணியால் தூசி தட்டுங்கள். பழைய பருத்தி வேட்டித் துண்டில் முதலில் சுற்றி, அதன் மேல் செய்தித்தாளைச் சுற்றுங்கள். தாளை நேராகச் சுற்றினால் மை வர்ணத்தில் ஒட்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று, வர்ணம் பையோடு உரிந்து வரும்.

கனமான பொம்மை அடியில், லேசானது மேலே. பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

பெட்டியை மூடும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: என்னென்ன பொம்மை இருக்கிறது, எது உடைந்தது, எவ்வளவு செலவு, எவ்வளவு மிச்சம்? அந்தத் தாளையும் உள்ளே போட்டு மூடுங்கள்.

அடுத்த புரட்டாசியில் கடைக்குப் போகும் முன் பெட்டியைத் திறந்து அந்தத் தாளைப் படியுங்கள். இருக்கிற பொம்மையையே மறுபடி வாங்குகிற வீண் செலவு மிஞ்சும்.