பருப்பை எரித்தால் எவ்வளவு, உண்டால் எவ்வளவு?

மசூர் பருப்பை உலர்த்திப் பொடித்து, ஒரு கிராம் வில்லையாக்கி, தடித்த எஃகுக் கலத்தில் வைக்கிறார்கள். காற்றழுத்தத்தைப்போல் சுமார் 30 மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜனை நிரப்பி, கலத்தைத் தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள். மின்கம்பி தீ மூட்டியதும் பருப்பு முழுக்க எரிந்துவிடும். தண்ணீர் எவ்வளவு சூடேறியது என்பதிலிருந்து ஆற்றல் தெரியும்.

இப்படி எரித்தால் ஒரு கிராம் புரதம் 5.65 கிலோகலோரி தரும். உடலுக்கு மட்டும் ஏன் 4? உடல் புரதத்தை முழுக்க எரிப்பதில்லை. அதன் நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்புகிறது. சிறுநீரில் போகும் இந்தப் பொருள்கள் இன்னும் எரியக்கூடியவை. அந்த வழியில் கிராமுக்கு 1.25 போகிறது. மீதி 4.4இல் சுமார் 8 சதவீதம் மலத்தோடு போகிறது.

அந்த 8 சதவீதம் அமெரிக்கக் கலப்பு உணவில் கண்ட சராசரி. வங்காளத் தட்டுக்கு அது பொருந்துமா? கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் பேராசிரியர் டி. மெக்கே, வங்காளச் சிறைக் கைதிகள் உண்ட நைட்ரஜனையும் கழித்த நைட்ரஜனையும் அளந்து 1910இல் அறிக்கை வெளியிட்டார். சோறு குவிந்த உணவில் புரத இழப்பு மிக அதிகமாக இருந்தது. சோற்றைக் குறைத்தபோது உடலில் சேர்ந்த புரதம் கூடியது. மூன்றில் ஒரு பங்கு மலத்தில் போனாலே, அந்த 4.4 மூன்றுக்கும் கீழே இறங்கிவிடும்.