98 சதவீதத் துல்லியம் என்று எழுதியிருந்தால்…

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்று ஃபைனான்சியல் அனலிஸ்ட் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் மூன்று தேவைகள். நிதி மாடல் உருவாக்கத் தெரிய வேண்டும். அடுத்த 12 மாதங்களுக்கான ஃபோர்காஸ்ட்டை மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும். நிர்வாகத்துக்கு மாத அறிக்கை கொடுக்க வேண்டும்.

வந்த ரெஸ்யூமேக்களில் ஒன்றை எடுப்போம். பி.காம்., சி.ஏ. இன்டர். தணிக்கை அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப், பிறகு வேறொரு மில்லில் நான்கு ஆண்டு. ஃபைனான்சியல் மாடலிங் சான்றிதழ் இருக்கிறது. ‘வங்கிக்கு சி.எம்.ஏ. டேட்டா தயாரித்தேன்’, ‘98 சதவீதத் துல்லியத்துடன் ஃபோர்காஸ்ட் செய்தேன்’, ‘மாதாந்திர எம்.ஐ.எஸ். தயாரித்து நிர்வாகத்துக்கு அனுப்பினேன்’ என்று அனுபவப் பகுதியில் மூன்று வரிகள்.

விளம்பரத்தில் உள்ள சொற்கள் ரெஸ்யூமேயிலும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் மூன்றுக்கும் டிக் போட்டுவிடலாம். பல இடங்களில் அப்படித்தான் சலிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வரியின் மேலும் ஒரு கேள்வியை வைத்துப் பார்க்க வேண்டும்: இந்த எண்ணை இவர் யோசித்துத் தீர்மானித்தாரா, யாரோ கொடுத்ததை நிரப்பினாரா?

சான்றிதழை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பயிற்சி வகுப்பில் கிடைத்த தயார் கோப்பில் பழகியவரும் அதை வாங்கியிருப்பார். சி.எம்.ஏ. டேட்டா வரிதான் கவனிக்க வேண்டியது. கடன் கேட்டு வங்கிக்குக் கொடுக்கும் இந்தப் படிவத்தில் கடந்த ஆண்டுகளின் கணக்கு, நடப்பாண்டு மதிப்பீடு, வரும் ஆண்டுகளின் கணிப்பு எல்லாம் வரும். லாப நஷ்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும் நிதி வரத்துப் போக்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஆகவே இதைச் செய்தவருக்கு மாடலின் எலும்புக்கூடு தெரியும். தணிக்கையில் மட்டும் இருந்தவரைவிட இவர் ஒரு படி முன்னே நிற்கிறார்.

ஆனால் இதே வேலையைத் தலைகீழாகவும் செய்யலாம். சிறு நிறுவனங்களுக்குக் கணித்த விற்றுமுதலில் குறைந்தது 20 சதவீதத்தை நடைமுறை மூலதனக் கடனாகத் தரும் முறை வங்கிகளில் உண்டு. 80 லட்சம் சி.சி. லிமிட் வேண்டுமென்றால் விற்றுமுதல் 4 கோடி என்று முதலில் எழுதிவிட்டு, மற்ற வரிகளை அதற்கேற்பச் சரிக்கட்டுவார்கள். அங்கே விடை முன்பே முடிவாகிவிட்டது. வரும் ஆண்டில் எத்தனை கிலோ நூல் ஓடும், பஞ்சு என்ன விலைக்குக் கிடைக்கும் என்ற கேள்வியே எழவில்லை. இந்த வரிக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன், பாதி தருவேன். நேர்முகத்தில் ஒன்று கேட்பேன்: ‘பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாதபோது என்ன செய்தீர்கள்?’ வித்தியாசத்தை ‘இதர கடன்தாரர்கள்’ வரியில் போட்டு மூடியவருக்கும், எந்த மாதத்திலிருந்து பிசகுகிறது என்று தேடிப்போனவருக்கும் உள்ள தூரம் அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிடும்.

உண்மையில் மாடல் கட்டியவரின் ரெஸ்யூமேயில் தொழிலின் வாடை அடிக்கும். நூற்பாலையில் பஞ்சு விலையைக் கண்டிக் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு கண்டி 356 கிலோ. கண்டிக்கு 3,000 ரூபாய் ஏறினால் கிலோ பஞ்சுக்கு ஏறக்குறைய 8 ரூபாய் 40 காசு கூடும். 100 கிலோ பஞ்சில் 86 கிலோ நூல் வருகிறது என்றால், கிலோ நூலின் அடக்கம் 9 ரூபாய் 80 காசு கூடும். கழிவு விற்ற காசைக் கழித்தால் சற்றுக் குறையும். மாடல் என்பது இதுதான். பஞ்சு விலை என்ற ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அடக்கம், லாபம், கையிருப்பில் முடங்கும் பணம், வங்கி வட்டி வரை எல்லாம் தானே மாற வேண்டும். ‘பஞ்சு விலை, நூல் விகிதம், மின்கட்டணம் ஆகியவற்றை மாற்றிப் பார்க்கும்படி மூன்றாண்டு மாடல் செய்தேன், புதிய ஸ்பிண்டில்கள் வாங்கும் முடிவுக்கு அதைப் பயன்படுத்தினார்கள்’ என்று ஒருவர் எழுதியிருந்தால், சான்றிதழே இல்லாவிட்டாலும் அவரைக் கூப்பிடுவேன். நம் கையில் உள்ள ரெஸ்யூமேயில் அப்படி ஒரு வரி இல்லை.

அடுத்தது அந்த 98 சதவீதம். பலரும் இங்கேதான் மயங்குகிறார்கள். எதை எதோடு ஒப்பிட்ட துல்லியம் என்று பாருங்கள். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்குத் தலா 10 கோடி விற்பனை என்று கணித்திருக்கிறார். நடந்தது 13 கோடி, 7 கோடி, 10 கோடி. காலாண்டுக் கூட்டுத்தொகை இரண்டிலும் 30 கோடிதான். துல்லியம் 100 சதவீதம் என்று எழுதினாலும் பொய்யில்லை. ஆனால் மே மாதம் 10 கோடி விற்கும் என்று நம்பிப் பஞ்சு வாங்கிப்போட்ட மில்லுக்குச் சரக்கு தேங்கியிருக்கும், சி.சி. லிமிட் முட்டியிருக்கும். ஒரு மாதத்துப் பிழை அடுத்த மாதத்துப் பிழையை மறைத்துவிட்டது. மாதவாரியாகப் பார்த்தால் நடந்த விற்பனையோடு ஒப்பிட ஏப்ரலில் 23 சதவீதமும் மே மாதத்தில் 43 சதவீதமும் தவறியிருக்கிறார்.

கணித்த நாளும் முக்கியம். ஜூன் 25 அன்று ஜூன் மாதத்தைக் கணித்தால் யாருக்கும் 98 வரும். மூன்று மாதம் முன்கூட்டிச் சொன்னதில் எவ்வளவு பிசகியது என்பதே பயன்படும் அளவு. அதனால் ‘மூன்று மாத முன்கணிப்பில் சராசரிப் பிழை 12 சதவீதம், எப்போதும் கூடுதலாகவே கணிக்கிறோம் என்று கண்டு விற்பனைப் பிரிவின் எண்ணைக் குறைத்து எடுத்தோம்’ என்று எழுதியவரை 98 சதவீதக்காரரைவிட மேலே வைப்பேன். தன் கணிப்பைத் திரும்ப எடுத்து அளந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு இருக்கிறது. விளம்பரம் கேட்கும் மாதாமாதப் புதுப்பிப்புக்கு அந்தப் பழக்கம்தான் வேண்டும்.

மூன்றாவது வரியில் ‘அனுப்பினேன்’ என்ற இடத்தில் நிற்கிறேன். எம்.ஐ.எஸ். அனுப்புவது ஒரு வேலை. விற்பனை பட்ஜெட்டைவிடக் குறைந்ததற்குக் கிலோ குறைந்தது காரணமா, விலை குறைந்தது காரணமா, மலிவான கவுண்ட் நூல் அதிகம் போனது காரணமா என்று பிரித்து, எம்.டி. எதிரே உட்கார்ந்து சொல்வது வேறு வேலை. அறிக்கை எந்தத் தேதிக்குள் போனது, யார் படித்தார், அதைப் பார்த்து எது மாறியது என்ற மூன்றில் ஒன்றாவது ரெஸ்யூமேயில் இருக்க வேண்டும். இங்கே இல்லை. ஆனாலும் இதற்காக இவரைத் தள்ளமாட்டேன். மாதம் முடிந்து கணக்கை மூடத் தெரிந்தவருக்கு அறிக்கை எழுதும் முறையைச் சில மாதங்களில் பழக்கிவிடலாம்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பழைய நிறுவனத்தின் விற்பனையையும் லாபத்தையும் வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு பலருக்கு உண்டு. எனவே ரூபாய்க் கணக்கு இல்லை என்பது குறையாகாது. என்ன முடிவுக்காகச் செய்தார், எந்தக் காரணிகளை எடுத்தார் என்பதைத் தொகை சொல்லாமலே எழுதலாம்.

இந்த ரெஸ்யூமேயை நான் நேர்முகப் பட்டியலில் வைப்பேன், முதலிடத்தில் அல்ல. தொழில் தெரிந்தவர், கணக்கின் கட்டமைப்பு தெரிந்தவர். முன்னோக்கி யோசித்ததற்கு மட்டும் சான்று இல்லை. நேர்முகத்தன்று 24 மாத உற்பத்தி, விலை விவரங்களையும் வெற்று எக்செல் தாளையும் கொடுத்து அடுத்த ஆறு மாதங்களைக் கணிக்கச் சொல்லலாம். ஒரு மணி நேரம் போதும். பாதி நேரம் கழிந்ததும் பஞ்சு விலையை மாற்றிச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தை மாற்றிவிட்டு விடையைக் காட்டுகிறாரா, ஒவ்வொரு வரியாக அழித்து எழுத ஆரம்பிக்கிறாரா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள்.