பாட்டியின் கடிதங்கள் – 9: கூறைப்புடவையும் கெம்பு அட்டிகையும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு, பாட்டியின் ஆசீர்வாதம்.

போன வாரம் வெண்கலப் பாத்திரங்களைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் பீரோவைத் திறக்கலாம்.

உன் பெரியம்மாவின் கூறைப்புடவை நினைவிருக்கிறதா? பிளாஸ்டிக் உறையில் போட்டு, நடுவே பாச்சை உருண்டைகளைச் சொருகி, வருஷக்கணக்காகப் பூட்டியே வைத்திருந்தாள். பெண்ணின் கல்யாணத்துக்கு எடுத்துப் பிரித்தால், முந்தானை மடித்த வரியிலேயே இற்றுப்போயிருந்தது. சரிகையும் திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தது. அசல் சரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. புழுக்கத்தில் அந்த வெள்ளிதான் கறுக்கிறது. சென்ட் பட்டாலும் அப்படித்தான். மடிப்பு ஒரே இடத்தில் கிடந்தால் சரிகையின் கனம் அந்த வரியிலேயே அழுத்தி, இழை ஒவ்வொன்றாக விட்டுவிடும்.

அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புடவையைப் பிரித்து நிழலில் ஆறவிடு. பழைய மடிப்பில் மடிக்காதே. நாலு விரல் தள்ளி மடி. துவைத்துப் பழசான, கஞ்சி போடாத வேட்டியில் சுற்று. கஞ்சி இருந்தால் பூச்சி அதைத் தேடி வரும். பாச்சை உருண்டைக்குப் பதில் வசம்பைத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் போடு. கனமான பட்டை ஹேங்கரில் தொங்கவிடவே கூடாது. உடுத்திக் களைந்ததும் வியர்வை காயாமல் உள்ளே வைக்காதே.

நகையில் என் கவலையெல்லாம் கெம்பு அட்டிகைதான். வளையலையும் சங்கிலியையும் வெதுவெதுப்பான பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். அட்டிகையை அப்படிச் செய்யாதே. கல்லுக்கு அடியில் பளபளப்புக்கு மெல்லிய தகடும், அதற்குக் கீழே அரக்கும் இருக்கின்றன. சுடுதண்ணீர் பட்டால் அரக்கு இளகும், கல் ஆடும். ஈரம் உள்ளே போனால் தகடு கறுத்துக் கல் ஒளி இழந்து தெரியும். அதை வெளியிலிருந்து எவ்வளவு துடைத்தாலும் போகாது. காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பார். சத்தம் கேட்டால், போட்டுக்கொள்வதற்கு முன் கல் பதிக்கத் தெரிந்த ஆசாரியிடம் கொடு. மற்றபடி உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

இன்னொன்று, எடை. அட்டிகை தராசில் 40 கிராம் என்று வை. கல்லும் அரக்கும் 10 கிராம் என்றால் தங்கம் 30 கிராம்தான். அதுவும் 22 காரட் என்றால் சுத்தத் தங்கம் ஏறக்குறைய இருபத்தேழரை கிராம். மாற்றப் போகும்போது கடைக்காரர் கழிக்கும் கணக்கு இதுதான். கழிவு நியாயமா என்று பார்க்க, மொத்த எடை, கல் எடை இரண்டையும் நோட்டில் எழுதி, ஒரு போட்டோவும் ஒட்டி வை. பழைய நகைகளில் முத்திரை இருக்காது. அதனால் காரட்டையும் ஒருமுறை சோதித்து எழுதிவிடு. சங்கிலிகளில் கொக்கி மாட்டும் வளையம்தான் முதலில் தேயும். அதை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை விரலால் தடவிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றிவிடு. அறுந்த பிறகு தேடுவதைவிட அது மலிவு.

அடுத்த வாரம் வெள்ளிக் குத்துவிளக்கு.

அன்புடன்,
பாட்டி