வேலை இல்லை என்று மெயில் வந்த பிறகு எழுத வேண்டிய ஆறு வரி

மூன்று சுற்று நேர்முகம் முடிந்து, நம்பிக்கையோடு காத்திருக்கும்போது, ‘இம்முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை’ என்று மெயில் வருகிறது. நம்மில் பெரும்பாலோர் அதற்குப் பதிலே போடுவதில்லை. சிலர் அன்றிரவே மனத்தாங்கலோடு நீளமாக எழுதி அனுப்பிவிடுகிறார்கள். எப்படிச் செய்தாலும் இழப்பு ஒன்றுதான். நம்மை எதிரே உட்காரவைத்து, வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டு, குறிப்பெடுத்த ஒருவர் நம்மிடம் என்ன குறை கண்டார் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

அந்தக் குறிப்பு பெரும்பாலும் எங்கோ எழுத்தில் இருக்கிறது. ஓரளவு ஒழுங்காக ஆள் எடுக்கும் நிறுவனங்களில், நேர்முகம் முடிந்ததும் கேள்வி கேட்டவர் ஒரு படிவத்தை நிரப்புவார். தொழிலறிவு, பேச்சு, பிரச்சினையைக் கையாளும் விதம் என்று தலைப்புவாரியாக மதிப்பெண் போட்டு, கீழே ஓரிரு வரி கருத்தும் எழுதுவார். பிறகு எல்லோரும் பேசி முடிவெடுத்து ஹெச்.ஆருக்குச் சொல்வார்கள். ஹெச்.ஆர். அனுப்பும் மெயிலோ எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் போவது. அதை எத்தனை முறை படித்தாலும் நம்மைப் பற்றி அதில் எதுவும் கிடைக்காது.

இருக்கும் காரணத்தைச் சொன்னால் என்ன? சொல்லத் தயங்குவதற்கு அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமும் பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கின்றன. எழுத்தில் கொடுத்த காரணம் நாளை வழக்கில் சாட்சியாக வரலாம் என்று அங்குள்ள சட்டப் பிரிவுகள் அஞ்சுகின்றன. சென்னையில் கிளை வைத்திருக்கும் சில பன்னாட்டு நிறுவனங்களும் அதே எச்சரிக்கையோடுதான் நடக்கின்றன. உள்ளூர் நிறுவனங்களின் பயம் இன்னும் சாதாரணமானது. காரணம் சொன்னால் எதிராளி வாதத்துக்கு வருவார், போன் மேல் போன் அடிப்பார், தெரிந்தவரை விட்டுப் பேசச் சொல்வார். ஒருமுறை இதில் மாட்டிக்கொண்ட ஹெச்.ஆர். அதன்பின் யார் கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டார்.

ஆகவே நம் மடல் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. பதில் சொல்பவர் தன் முடிவுக்கு வக்காலத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லாதபடி கேள்வியை அமைக்க வேண்டும்.

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக இருக்கும் பெண் ஒருவர், இன்னொரு நிறுவனத்தில் சீனியர் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் ஹெச்.ஆர். போனில் பேசுகிறார். இரண்டாவதில் மெர்ச்சண்டைசிங் மேனேஜர் ஒரு டி-ஷர்ட்டைக் கையில் கொடுத்து காஸ்டிங் போடச் சொல்கிறார். மூன்றாவது சுற்று முதலாளியோடு. வியாழக்கிழமை மாலை ‘இயலவில்லை’ மெயில் வருகிறது. அன்றிரவு அவர் எழுதுவது இப்படி இருக்கும்:

“உங்கள் மெயில் பார்த்து மிகவும் ஏமாற்றமடைந்தேன். மூன்று சுற்றிலும் எல்லாக் கேள்விகளுக்கும் சரியாகவே பதில் சொன்னேன். காஸ்டிங்கில் கொடுத்த நேரம் மட்டும்தான் போதவில்லை. நான்கு வருடமாக ஐரோப்பிய பையர்களை நான் ஒருத்தியாகவே கவனித்து வருகிறேன். எந்தக் காரணத்துக்காக என்னை நிராகரித்தீர்கள் என்று தெரிவிக்கவும்.”

இதில் மரியாதைக் குறைவான சொல் எதுவும் இல்லை. ஆனாலும் இதற்குப் பதில் வராது. ‘சரியாகவே பதில் சொன்னேன்’ என்றால் மேனேஜரின் மதிப்பீடு தவறு என்று அர்த்தமாகிறது. ‘நேரம் போதவில்லை’ என்பது யாரும் கேட்காத விளக்கம். ஐரோப்பிய பையர்கள் விஷயம் பயோடேட்டாவிலேயே இருக்கிறது. அதை மீண்டும் சொல்லும்போது ‘இதைப் பார்த்துமா வேண்டாம் என்றீர்கள்?’ என்ற தொனி வந்துவிடுகிறது. கடைசி வரி நேராக விளக்கம் கேட்கிறது. காரணத்தைச் சொன்னால் அடுத்து வாதம் வரும் என்று படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு வகை மடலும் நம்மிடம் உண்டு. குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி, ‘தயவுசெய்து எப்படியாவது ஒரு வாய்ப்புக் கொடுங்கள்’ என்று கெஞ்சுவது. எழுதுகிறவரின் நெருக்கடி உண்மையானது, எனக்கும் அது புரிகிறது. ஆனால் படிக்கிறவர் அதைக் கருத்துக் கேட்கும் மடலாக எடுத்துக்கொள்ளமாட்டார், முடிவை மாற்றச் சொல்லும் மடலாகத்தான் எடுத்துக்கொள்வார். முடிவை மாற்றும் அதிகாரம் ஹெச்.ஆரிடம் இல்லை, சங்கடம்தான் மிச்சம்.

அதே பெண் ஒரு இரவு தூங்கி எழுந்து, வெள்ளிக்கிழமை மதியம் இப்படி எழுதினால்:

“முடிவைத் தெரிவித்ததற்கு நன்றி. மூன்று சுற்றுக்கும் நேரம் ஒதுக்கிய உங்களுக்கும் மேனேஜர் அவர்களுக்கும் என் நன்றி. காஸ்டிங் பயிற்சியில் பையரின் டார்கெட் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடும் முறையை மேனேஜர் விளக்கியது எனக்குப் பயனுள்ளதாக இருந்தது. உங்கள் முடிவை ஏற்றுக்கொள்கிறேன், அதை மறுபரிசீலனை செய்யக் கேட்கவில்லை. சீனியர் பொறுப்புக்கு நான் தயாராக, காஸ்டிங்கில் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் உதவியாக இருக்கும். எழுதுவதைவிடப் போனில் சொல்வது எளிது என்றால் அதுவும் சரி, நிறுவன விதிப்படி சொல்ல இயலாது என்றாலும் புரிந்துகொள்வேன்.”

ஆறே வரி. முதல் இரண்டு வரி நன்றி. அதை இன்னும் நீட்டினால் புகழ்ச்சியாகிவிடும். மூன்றாவது வரி முக்கியமானது. அந்த அறையில் நடந்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்வதால், எல்லோருக்கும் அனுப்பும் மடல் இல்லை என்று தெரிகிறது, மேனேஜருக்கும் அந்த நேர்முகம் ஞாபகத்துக்கு வருகிறது. நான்காவது வரி அவருடைய பயத்தைப் போக்குகிறது. ஐந்தாவது வரியில்தான் கேள்வியே வருகிறது. ‘ஏன் என்னை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் தேர்வான ஆளையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும். ‘எதைச் சரிசெய்ய வேண்டும்?’ என்று கேட்டால் இந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். அதிலும் காஸ்டிங் என்று குறுக்கிவிட்டதால் அரை நிமிடத்தில் பதில் எழுதிவிடலாம். கடைசி வரி, எழுத்தில் தர விரும்பாதவருக்கு ஒரு வழி விடுகிறது. எழுதத் தயங்குகிற பலர் போனில் மனம்விட்டுப் பேசுவார்கள்.

அனுப்பும் விதத்திலும் கவனம் வேண்டும். வந்த மெயிலுக்கே பதிலாகப் போட்டால் எந்த வேலை, எந்தத் தேதி என்ற விவரமெல்லாம் கூடவே போய்விடும். ஹெச்.ஆருக்கு மட்டும் அனுப்பினால் போதும்; மேனேஜரிடம் அவரே கேட்டுச் சொல்வார். மேனேஜரின் வாட்ஸ்அப் எண்ணைத் தேடிப் பிடித்துக் கேட்பதும், முதலாளிக்கும் ஒரு பிரதி போடுவதும் அத்துமீறலாகத்தான் தெரியும். பதில் எழுத முடியாத தானியங்கி முகவரியிலிருந்து மெயில் வந்திருந்தால், நேர்முகத்துக்கு அழைத்தவருக்கோ கன்சல்டன்சிக்காரருக்கோ எழுதலாம். கன்சல்டன்சிக்காரர் தன் வேலைக்காகவே காரணத்தைக் கேட்டு வைத்திருப்பார், பல சமயம் அவரிடம்தான் விவரம் அதிகம் கிடைக்கும். இரண்டு மூன்று நாளுக்குள் அனுப்பிவிடுவது நல்லது. தாமதித்தால் கேள்வி கேட்டவருக்கே முகம் மறந்துவிடும். பயோடேட்டா கட்டத்திலேயே நிராகரிக்கப்பட்டவர்கள் இதை எழுதிப் பயனில்லை, அவர்களைப் பற்றி யாரும் எதுவும் குறித்து வைத்திருக்கமாட்டார்கள்.

பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘உங்களைவிடப் பொருத்தமானவர் கிடைத்தார்’ என்று வந்தால் அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. நன்றி சொல்லி விட்டுவிடலாம். ஆனால் நம் மெர்ச்சண்டைசருக்கு இப்படி வந்தால்: “துணி விலையை ஒரே தொகையாகப் போட்டிருந்தீர்கள். நூல் விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் ஒரு பீஸுக்கு எவ்வளவு ஏறும் என்று கேட்டபோது சொல்ல முடியவில்லை.” இது பொன்னான பதில். ஒரு டி-ஷர்ட்டுக்கு 200 கிராம் துணி, பின்னல் முதல் சாயம் வரை பத்து சதவீதம் கழிவு என்று எடுத்துக்கொண்டால், நூலில் ஏறும் பத்து ரூபாய் ஒரு பீஸில் சுமார் 2 ரூபாய் 20 காசாக வந்து நிற்கும். விலை பேசும் மேசையில் இந்தக் கணக்கை மனதிலேயே போடத் தெரிந்தவரைத்தான் சீனியர் பொறுப்புக்குத் தேடியிருக்கிறார்கள்.

மடலை எவ்வளவு நன்றாக எழுதியவரும் சறுக்கும் இடம் இதுதான். அவருடைய இப்போதைய நிறுவனத்தில் துணி விலையைப் பர்ச்சேஸ் பிரிவுதான் கொடுக்கும். ‘அது என் வேலையே இல்லையே’ என்று எழுதக் கை பரபரக்கும். அது உண்மைதான். இருந்தாலும் எழுதக் கூடாது. எழுதினால், இனி யாருக்கும் காரணம் சொல்லக் கூடாது என்று அந்த மேனேஜர் முடிவு செய்துவிடுவார். “துணி விலையைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்கிறேன். நேரம் எடுத்துச் சொன்னதற்கு நன்றி” என்ற இரண்டு வரி போதும். பிறகு தன் நிறுவனத்துத் துணிப் பிரிவில் போய் உட்கார்ந்து நூல், பின்னல் கூலி, சாயக் கூலி, கழிவு என்று பிரித்துக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

கிடைத்த கருத்தை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அது ஒரு மனிதர் ஒரு மணி நேரத்தில் கண்டது. ஹெச்.ஆர். வழியாக வரும்போது பாதி தேய்ந்தும் இருக்கும். உள்ளுக்குள்ளேயே ஒருவரை முடிவு செய்துவிட்டு ஒப்புக்கு நேர்முகம் நடத்தும் இடங்களும் உண்டு. பட்ஜெட் நின்றுபோன இடங்களும் உண்டு. அங்கெல்லாம் சொல்லப்படும் காரணம் ஏதோ ஒன்றாக இருக்கும். மேலே சொன்னதுபோல் சோதித்துப் பார்க்கக்கூடிய குறை என்றால் உடனே கவனிக்கலாம். ‘தன்னம்பிக்கை போதவில்லை’ என்பதுபோல் வந்தால், வேறொரு நிறுவனமும் அதையே சொல்கிறதா என்று பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

அரசுத் துறைகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இந்த மடல் பொருந்தாது. அங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. மத்திய அரசு அலுவலகம் என்றால் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். தேர்வெழுதியவர் திருத்தப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. நேர்முகக் குழுவில் இருந்தவர்களின் பெயரைத் தர வேண்டியதில்லை என்று 2012-இல் இன்னொரு வழக்கில் சொன்னது.

தனியார் நிறுவனத்தில் பதில் வராவிட்டால், ஒரு வாரம் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த மடல் வீணாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. நம் ஊரில் பல நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் இரண்டு மூன்று மாதம். தேர்வானவர் அதற்குள் வேறு இடத்தில் கூடுதல் சம்பளம் பேசிக்கொண்டு வராமல் போவது ஹெச்.ஆர். ஆட்கள் அடிக்கடி பார்க்கிற விஷயம். சேரும் தேதிக்கு நாலு நாள் முன்னால் அப்படி நடந்துவிட்டால், மறுபடி விளம்பரம் கொடுத்து மூன்று சுற்று நடத்த அவர்களுக்கு நேரம் இருக்காது. பட்டியலில் அடுத்து இருந்தவர் யார், அவர் நம்மிடம் எப்படி நடந்துகொண்டார் என்று பழைய மெயில்களைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்கள்.