பத்து மாங்காய் சொன்ன பொய்

தோப்பில் ஒரு மாங்காயின் சராசரி எடையை 10 கிராம் பிசகுக்குள், 95% நம்பிக்கையோடு சொல்ல வேண்டும். எத்தனை காய் நிறுக்கலாம்? முன்னோட்டமாகப் பத்துக் காய் நிறுத்ததில் திட்டவிலக்கம் 50 கிராம். n = (1.96 × s / E)² என்ற சூத்திரம் 97 காய் என்கிறது.

சிக்கல் அந்த 50-இல்தான். பத்தே காயில் கிடைத்த விலக்கம் உண்மையைவிடக் குறைவாக இருக்கத்தான் பாதிக்கும் சற்று அதிக வாய்ப்பு. அதை நம்பினால் காய் போதாமல் போகும்.

அதனால் விலக்கத்தின் மேல் எல்லையை எடுக்கிறார்கள். 9-ஐ (பத்தில் ஒன்று குறைவு) கை-வர்க்க அட்டவணையின் 20% மதிப்பான 5.38-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.29. 50 கிராம் ஏறக்குறைய 65 ஆகிறது; தேவை 161 காய். இப்படிச் செய்தால் நூறு முன்னோட்டங்களில் எண்பதில் உண்மை விலக்கம் எல்லைக்குள் அடங்கும். 95% பாதுகாப்பு கேட்டால் 260 காய். எனக்கு அது வீண்செலவாகவே படுகிறது. அதே 50 கிராம் முப்பது காயில் கிடைத்திருந்தால், 80%-க்கு 124 போதும்.

எடைகள் மணிவளைவை ஒட்டிப் பரவியிருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பத்தையும் ஒரே கிளையில் பறித்திருந்தால், எந்த எல்லையும் காப்பாற்றாது.